லோகோவிலேயே நிற்கும் டிவி: முதலில் பிளக்கைக் கழற்றுங்கள்

"எங்கள் 43 இன்ச் ஆண்ட்ராய்டு டிவியில் அப்டேட் ஓடும்போது கரண்ட் போய்விட்டது. அன்றிலிருந்து ஆன் செய்தால் கம்பெனி லோகோ வருகிறது, அணைகிறது, மறுபடி லோகோ. வாரண்டியும் முடிந்துவிட்டது. போர்டு போய்விட்டதா?"

இப்போதே அந்த முடிவுக்கு வர வேண்டாம். முதலில் செட்டாப் பாக்ஸ் வயர், பென் டிரைவ், சவுண்ட்பார் எல்லாவற்றையும் டிவியிலிருந்து கழற்றிவிடுங்கள். கோளாறான ஒரு பென் டிரைவ்கூட டிவியை லோகோவில் நிறுத்திவிடும். அப்புறம் சுவிட்சை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, டிவியிலேயே இருக்கும் பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடியுங்கள். ரிமோட் பட்டன் இதற்கு உதவாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே கொஞ்சம் மின்சாரம் தங்கியிருக்கும். அது வடிந்தால்தான் டிவி உண்மையிலேயே புதிதாகத் தொடங்கும். பத்து நிமிடம் கழித்து, எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் இல்லாமல் நேராகச் சுவர் பிளக்கில் செருகுங்கள்.

அப்போதும் லோகோவைத் தாண்டவில்லையா? கையில் கடிகாரத்தோடு நாலைந்து முறை கவனியுங்கள். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய அதே விநாடியில் அணைந்தால், பெரும்பாலும் மென்பொருள் கெட்டிருக்கிறது. ஒருமுறை ஐந்து விநாடி, ஒருமுறை ஒரு நிமிடம் என்று மாறி மாறி வந்தால் பவர் சப்ளை மேல்தான் என் சந்தேகம். பென் டிரைவ் வழியாக மென்பொருளை மறுபடி ஏற்றினாலும் அது சரியாகாது. உங்கள் டிவி அப்டேட்டின் நடுவே நின்றதால், முதல் வகையாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

இனி ஃபர்ம்வேர், அதாவது டிவியை இயக்கும் மென்பொருள். அதைப் பென் டிரைவ் வழியாக மறுபடி ஏற்ற வேண்டும். டிவியின் பின்பக்க ஸ்டிக்கரில் உள்ள மாடல் எண்ணை முழுதாக, கடைசி எழுத்து வரை குறித்துக்கொள்ளுங்கள். ஒரே பெயரில் விற்கும் டிவிக்குள் வேறு வேறு பேனல்கள் இருப்பதுண்டு. தவறான ஃபைலை ஏற்றினால் படம் தலைகீழாக வரலாம், திரையே கறுத்தும் போகலாம். அதனால் கம்பெனியின் சப்போர்ட் பக்கத்திலிருந்தோ சர்வீஸ் சென்டரிலிருந்தோ மட்டும் ஃபைலை வாங்குங்கள். யாரோ ஏற்றிவைத்த லிங்க் வேண்டவே வேண்டாம்.

என்னிடம் வந்த ஒரு டிவி, 64 ஜிபி பென் டிரைவைக் கண்டுகொள்ளவே இல்லை. பார்த்தால் அது exFAT முறையில் ஃபார்மேட் ஆகியிருந்தது. பழைய 8 ஜிபி டிரைவை FAT32 என்று ஃபார்மேட் செய்து, அதே ஃபைலை எந்த ஃபோல்டருக்குள்ளும் போடாமல், பெயரை மாற்றாமல் நகலெடுத்தேன். பிளக்கைப் பிடுங்கிய நிலையில் டிரைவைச் செருகி, பவர் பட்டனை அழுத்தியபடியே கரண்ட் கொடுத்தேன். சிறிது நேரத்தில் முன்பக்க விளக்கு சிமிட்டத் தொடங்கியது. பல ஆண்ட்ராய்டு டிவிகளில் வழி இதுதான். சில மாடல்களில் பட்டன் வேறு, அதைக் கம்பெனியின் குறிப்பில் பார்த்துக்கொள்ளுங்கள். முடிய கால் மணி நேரம்கூட ஆகலாம். நடுவில் கரண்ட் போனால் பழைய கதைதான்; அதனால் இன்வெர்ட்டர் லைனில் செய்வது நல்லது. இதில் டிவியில் சேமித்த செயலிகளும் கணக்குகளும் அழிந்துபோகலாம்.

சரியான ஃபைல், சரியான டிரைவ் இருந்தும் விளக்கு சிமிட்டவே இல்லை என்றால் மெமரி சிப் பழுதாகியிருக்கலாம். அதை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும். பின் மூடியை நீங்களே திறக்காதீர்கள். பவர் போர்டின் பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.