கட்-ஆஃப் 161, அப்பா மனதில் கிண்டி

அக்காவுக்கு வணக்கம். தண்டையார்பேட்டையில் பிளஸ் டூ படிக்கிறேன். எனக்குப் புள்ளியியல் படிக்க ஆசை. அப்பா துறைமுகத்தில் காண்ட்ராக்ட் வேலை. "இன்ஜினியரிங்தான், இல்லாட்டி படிப்பே வேணாம்" என்கிறார். அரையாண்டில் கணக்கு 88, இயற்பியல் 70, வேதியியல் 76. அவரிடம் எப்படிப் பேசுவது?

அன்புள்ள தங்கைக்கு,

அப்பா இன்ஜினியரிங் என்று சொல்லும்போது அவர் மனதில் இருப்பது கிண்டி இன்ஜினியரிங் கல்லூரி. உனக்குக் கிடைக்கப்போவது எந்தக் கல்லூரி என்று வீட்டில் யாரும் இன்னும் பார்த்திருக்க மாட்டார்கள். பேச்சை அங்கிருந்து தொடங்கு.

இன்ஜினியரிங் கட்-ஆஃபுக்குக் கணக்கு மதிப்பெண் அப்படியே, இயற்பியலிலும் வேதியியலிலும் பாதி. 88, 35, 38 சேர்ந்தால் 200-க்கு 161. tneaonline.org தளத்தில் போன வருடக் கட்-ஆஃபை எடுத்து, உங்கள் சமூகப் பிரிவில் 161-க்குக் கிடைத்த கல்லூரிகளில் மூன்றைக் குறித்துக்கொள். ஒவ்வொன்றுக்கும் நான்கு வருடக் கட்டணம், பஸ் கட்டணம், கடைசி வருடம் எத்தனை பேருக்கு என்ன சம்பளத்தில் வேலை கிடைத்தது என்று போனில் கேட்டு எழுது. முதல் பட்டதாரிச் சலுகை உண்டென்றால் அதையும் கழித்துவிடு. மறைத்தாய் என்று ஒருமுறை தெரிந்தால் மற்ற எந்தக் கணக்கையும் அப்பா நம்பமாட்டார்.

அதே தாளில் மாநிலக் கல்லூரிப் புள்ளியியலை எழுது. தண்டையார்பேட்டையில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் கல்லூரிப் பக்கம் அரசினர் தோட்டம் நிலையம் வரை போய்விடலாம். அரசுக் கல்லூரி என்பதால் செலவு மிகக் குறைவு.

"வேலை?" என்று கேட்பார். பரீட்சைப் பெயரோடு பதில் சொல்: டி.என்.பி.எஸ்.சி. புள்ளியியல் சார்நிலைப் பணி, எஸ்.எஸ்.சி.யில் இளநிலைப் புள்ளியியல் அதிகாரி, யு.பி.எஸ்.சி. நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணி. கடைசியில் சொன்னதில் இடம் குறைவு, போட்டி கடுமை. தனியார் வேலைக்கும் பி.எஸ்சி. மட்டும் பெரும்பாலும் போதாது, எம்.எஸ்சி.யும் வேண்டும். ஆக இன்ஜினியரிங் போல நான்கு வருடம் அல்ல, ஐந்து. இதை நீயே முதலில் சொல்லிவிடு. பிறகு சித்தப்பா வந்து சொன்னால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும்.

முதலில் அம்மாவிடம் தாளைக் காட்டு. அப்பாவிடம் ஷிப்ட் முடிந்து வந்த கையோடு பேசாதே, உறவுக்காரர் முன்னாலும் வேண்டாம். லீவு நாளில், சாப்பிட்ட பிறகு பேசு. அன்றைக்கே சம்மதம் கேட்காதே. கேட்க வேண்டியது ஒன்றுதான்: "ரெண்டுக்கும் அப்ளிகேஷன் போடுறேன்பா, சீட் வந்ததும் ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்."

இன்ஜினியரிங்குக்குப் பதிவு செய்வதால் நீ எதற்கும் கட்டுப்பட்டுவிட மாட்டாய். ஒதுக்கீடு வந்தபின் மறுக்கவும் வழி உண்டு. ஆனால் விருப்பப் பட்டியலை அப்பாவோடு உட்கார்ந்து நிரப்பு. அவரே 'இந்தக் காலேஜ் வேணாம்' என்று சொல்லும் எதையும் சும்மா நீளத்துக்காகச் சேர்க்காதே. கடைசியில் அதுவே வந்து நிற்கும்.

சிக்கல் தேதியில் வரும். அரசு கலைக் கல்லூரிக் கலந்தாய்வு பொதுவாக இன்ஜினியரிங் கலந்தாய்வுக்கு முன்பே நடந்துவிடும், சேரும்போது அசல் டி.சி.யைக் கேட்பார்கள். அப்போது இன்ஜினியரிங் ஒதுக்கீடு கையில் இருக்காது. அதனால் எந்தக் கல்லூரி, எந்தக் கிளை வந்தால் இன்ஜினியரிங் போவாய் என்று முன்கூட்டியே இருவரும் பேசி, அதே தாளின் அடியில் எழுதிவை. டி.சி.யைக் கொடுக்கும் முன் நகல்களும் எடுத்துக்கொள்.