தனுஷ்கோடியில் எடுத்த அப்பா படத்துல காலர் ஒரு பக்கம் தூக்கியிருக்கு, பட்டனுக்கு நடுவுல பிளந்து பனியன் தெரியுது. பெரிசாக்கி பிரேம் போடணும். போட்டோஷாப்ல எப்படிச் சரி செய்யறது?

காலரை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், பட்டன் பட்டியிலிருந்து தொடங்குங்கள். மார்பில் சட்டை இறுக்கமாக இருந்தால் இரண்டு பட்டன்களுக்கு நடுவே துணி கண் வடிவில் பிளக்கும். அந்த இழுப்பே மேலே ஏறிக் காலரையும் சாய்க்கும். பட்டி கோணலாக இருக்கும்போது காலரை மட்டும் நிமிர்த்தினால் கழுத்துப் பகுதி வேறு சட்டையிலிருந்து வெட்டி ஒட்டியதாகத் தெரியும்.

வேலையில் இறங்குமுன் சட்டைப் பையைப் பாருங்கள். ஆண்கள் சட்டையில் பை போட்டிருப்பவரின் இடது மார்பில் இருக்கும், இடப்பக்கத் துணிதான் மேலே மூடும். படத்தில் அது நமக்கு வலது கைப்பக்கம் வர வேண்டும். மாறியிருந்தால் அது கண்ணாடி போல் திரும்பிய செல்ஃபி. Image > Image Rotation > Flip Canvas Horizontal கொடுத்துத் திருப்பிவிட்டுத் தொடங்குங்கள்.

இனி பிளவு. Ctrl+J அடித்துப் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். பிளவுக்கு மேல் பட்டனிலிருந்து கீழ்ப் பட்டன் வரை, மேலே மூடும் துணியின் ஓரத்தை Pen Tool வைத்துச் சுற்றுங்கள். உள்பக்கம் பட்டித் தையலையும் தாண்டிக் கொஞ்சம் துணி சேர்த்தே எடுக்க வேண்டும். தையலோடு நிறுத்தினால், நகர்த்திய பிறகு பழைய தையலும் புதிய தையலும் இரண்டு கோடாகத் தெரியும். Ctrl+Enter, பிறகு Shift+F6-இல் 1 பிக்சல், மறுபடி Ctrl+J. இப்போது Ctrl+T அடித்து, வலது கிளிக்கில் Warp எடுங்கள். பட்டன் இருக்கும் இரு முனைகளும் அசையக் கூடாது. நடு ஓரத்தை மட்டும் பனியன் மறையும்வரை இழுத்து, இரண்டு பட்டனுக்கும் நடுவே ஓரம் நேர்கோடாக ஓடும்படி விடுங்கள். உள்பக்க விளிம்பை மாஸ்க் போட்டு மென்மையான பிரஷால் கரைத்துவிடுங்கள்.

பலரும் இதோடு நிறுத்திவிடுகிறார்கள். பட்டியின் ஓரம் அடித்துணி மேல் எப்போதும் மெல்லிய நிழல் போடும். பிளவை மூடும்போது அந்த நிழலும் போய்விடுவதால் பட்டி பசை போட்டு ஒட்டியதுபோல் ஆகிவிடும். நகர்த்திய துணிக்கு அடியில் ஒரு புதிய லேயரை Multiply-இல் வைத்து, Opacity 10–15 பிரஷால் ஓரத்தை ஒட்டி ஒரு கோடு இழுங்கள். நிறத்தைச் சட்டையின் மடிப்பு நிழலிலிருந்தே எடுக்க வேண்டும். கறுப்பு எடுத்தால் வெள்ளைச் சட்டையில் அழுக்காகத்தான் தெரியும். பட்டனிலிருந்து கிளம்பும் இழுப்புச் சுருக்கங்களை Clone Stamp Opacity 30 அளவில் பாதியாக மங்கவிட்டால் போதும். முழுக்க அழித்தால் துணி துணியாகவே இருக்காது.

காலருக்கு வருவோம். தனுஷ்கோடிக் காற்றில் முனை தூக்குவது வழக்கம்தான். கொஞ்சமாகத் தூக்கியிருந்தால் அந்த இதழை வெட்டி எடுத்து, Ctrl+T-இல் சுழலும் மையப் புள்ளியைக் கழுத்தோரம் வைத்துக் கீழே திருப்புங்கள். புள்ளி தெரியாவிட்டால் மேல்பட்டையின் இடது ஓரக் கட்டத்தில் டிக் போட்டால் வரும். அடியில் எட்டிப் பார்க்கும் பழைய முனையைப் பக்கத்துத் துணியால் மூடிவிடுங்கள். முனை முழுதாகப் புரண்டு உள்பக்கம் தெரிந்தால் அது உதவாது. அடுத்த பக்க இதழைப் பிரதியெடுத்து Flip Horizontal செய்து வையுங்கள். அப்போது வெயில் பட்ட பக்கமும் திரும்பிவிடும் என்பதால் மேலே ஒரு Curves வைத்து, Ctrl+Alt+G அடித்து, வெளிச்சத்தை அந்தத் தோளோடு ஒத்துப்போகச் செய்ய வேண்டும். அப்பா லேசாகத் திரும்பி நின்றிருந்தால் தூரத்து இதழைக் கொஞ்சம் ஒடுக்குங்கள். அந்த மணல் வெளிச்சத்தைக் கீழிருந்து எதிரடிக்கும், அதனால் காலர் அடி நிழல் வெளிறித்தான் இருக்கும். ஸ்டூடியோ படத்தில் போல அடர்த்தியாகப் போட்டால் பொய் தெரிந்துவிடும்.

"Liquify-இல் இரண்டு நிமிட வேலை" என்று யாராவது வருவார்கள். வெற்றுத் துணியில் சின்ன நகர்த்தலுக்குச் சரி, நானும் மறுக்கவில்லை. கட்டம், கோடு போட்ட சட்டையில் கோடெல்லாம் அலையாக வளையும். பெரிசாக்கும்போது முதலில் கண்ணில் படுவது அதுதான்.

இன்னொன்று, மனத்தாங்கலாகவே சொல்கிறேன். இந்தக் கரையில் பல கடைகளில் சட்டை கோணலாக இருந்தால் ரெடிமேட் கோட்டில் தலையை ஒட்டிக் கொடுத்துவிடுகிறார்கள். காலம் முழுக்கக் கடலுக்குப் போன மனிதரைப் பிள்ளைகள் ஏன் டை கட்டிப் பார்க்க வேண்டும்? அவர் போட்டிருந்த சட்டையையே நேராக்க முடியும். கடையில் கொடுத்துச் செய்வதானாலும் அதைக் கேட்டு வாங்குங்கள். படத்தை வாட்ஸ்அப்பில் Document ஆக அனுப்புங்கள், போட்டோவாக அனுப்பினால் சுருங்கிவிடும்.

இத்தனையும் வீட்டுச் சுவருக்கான படத்துக்கு. பாஸ்போர்ட் படத்தில் இப்படிக் கை வைக்கக் கூடாது, சட்டையை நேராக்கிவிட்டு மறுபடி எடுத்துக்கொள்ளுங்கள்.