‘ரூ.’ என்று மட்டும் இருந்தால் அது எந்த நாட்டு ரூபாய்?

கேள்வி: யாழ்ப்பாணத்துப் புத்தகக் கடையிலிருந்து வந்த விற்பனைக் கணக்கில் ‘ரூ. 84,000.00’ என்று மட்டும் போட்டிருக்கிறது. இது இந்திய ரூபாயா, இலங்கை ரூபாயா?

பதில்: சென்னையில் ஒரு சிறிய பதிப்பகத்துக்குக் கணக்கு எழுதுகிறேன். போன ஆண்டு இதே குழப்பத்தில் நான் தவறி விழுந்தேன். ‘ரூ. 126,000.00’ என்று வந்த ஒரு கணக்கை இந்திய ரூபாயாகப் பதிந்துவிட்டேன்.

அந்தத் தாளிலேயே ஒரு தடயம் இருந்தது. இந்தியக் கணக்காளர் 1,26,000 என்று லட்சத்தில் கால்புள்ளி வைப்பார். இலங்கையில் பெரும்பாலும் 126,000 என்று ஆயிரத்தில் வைப்பார்கள். உங்கள் தொகை லட்சத்தைத் தொடவில்லை. 84,000 என்பதை இரு நாட்டிலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள் என்பதால் கால்புள்ளி உங்களுக்கு உதவாது. கையெழுத்து பில்லாக இருந்தால் கடைசியைப் பாருங்கள்: நம் ஊரில் ‘/-’ போடுவோம், அங்கே ‘/=’ போடும் வழக்கம் உண்டு.

எனக்கு விடை கிடைத்தது ஒரு பிரதியின் விலையில். 126,000 ரூபாய் 120 பிரதிகளுக்கானது, ஒன்றுக்கு 1,050. அந்தப் புத்தகத்தின் பின்னட்டை விலையோ 300 இந்திய ரூபாய். 1,050-ஐ 300-ஆல் வகுத்தால் மூன்றரை. அப்போது ஓர் இந்திய ரூபாய்க்கு ஏறக்குறைய மூன்றரை இலங்கை ரூபாய் என்பதுதான் மாற்று விகிதம். ஆக, வரவேண்டியது 36,000 இந்திய ரூபாய்தான். 90,000 ரூபாய் கூடுதலாக வரவு வைத்திருந்தேன். உங்கள் 84,000-ஐயும் பிரதிகளின் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள். கடைக்குக் கழிவு கொடுத்திருந்தால் அதைக் கழித்த விலையோடு ஒப்பிட வேண்டும். இல்லாவிட்டால் விகிதம் பொருந்தாமல் குழப்பும்.

வரி விகிதத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இலங்கையின் வாட் வரி 2024 முதல் 18%. இந்தியாவில் பல பொருட்களுக்கு ஜி.எஸ்.டி.யும் 18%தான். ₹ குறி இருந்தாலும் ஒரு கேள்வி கேட்க வேண்டும். 2010-இல் வந்த அந்தக் குறி இந்திய ரூபாய்க்கு மட்டுமே உரியது, உண்மைதான். ஆனால் இந்திய அமைப்பில் இயங்கும் விரிதாள், வெறும் எண்ணுக்கும் நாணய வடிவம் கொடுத்தவுடன் ₹ குறியையும் லட்சக் கால்புள்ளியையும் தானே போட்டுவிடும். அதனால் உங்கள் கணினியில் திறந்த பிரதியை விட்டுவிட்டு, அவர்கள் அனுப்பிய மூலத் தாளையே பாருங்கள்.

வகுத்துப் பார்த்து விடை தெரிந்த பிறகும் பதிவேட்டில் ஏற்றுவதற்கு முன் கடைக்காரருக்கு ஒரு வரி எழுதிவிடுங்கள். இந்திய ரூபாய்க்கு INR, இலங்கை ரூபாய்க்கு LKR என்று வங்கிகள் பயன்படுத்தும் குறியீட்டையே போடுங்கள். நான் இப்போது அனுப்புவது இப்படி: “தொகையை LKR 84,000.00 என்று எடுத்துக்கொள்கிறோம். எந்த நாணயத்தில், எந்தத் தேதி விகிதத்தில் அனுப்புவீர்கள் என்று தெரிவியுங்கள்.”