பெய்டு ஆட்ஸ் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி கிளையன்ட்டுக்கு அனுப்புற ஃபார்ம்: கேள்வி பதில்

கே: அக்கா, நான் 60 கேள்வி வச்ச ஃபார்ம் அனுப்புறேன், பாதிப் பேர் பாதியிலயே விட்டுடறாங்க. எதையெல்லாம் தூக்கலாம்?

பிராண்டோட கலர் என்ன, உங்க விஷன் என்ன, ஐடியல் கஸ்டமருக்கு என்ன வயசு, இந்த மாதிரி கேள்வியை எல்லாம் தயங்காம தூக்கிடுங்க, அதை முதல் கால்லயே பேசிக்கலாம், இல்லன்னா அவங்க வெப்சைட்லயே இருக்கும். ஃபார்ம்ல இருந்து எனக்கு வேண்டியது ரெண்டே விஷயம். ஒரு ஆர்டருக்கோ ஒரு என்கொயரிக்கோ அதிகபட்சம் எவ்வளவு செலவு பண்ணலாம், அந்த ஆர்டர் நிஜமா வந்துச்சான்னு நம்மால எண்ண முடியுமா. இதுக்கு உதவாத கேள்வி இருக்கணும்னு அவசியமில்ல. என்னோடது 15 கேள்விக்குள்ள முடிஞ்சிடும், ஆனா ஒவ்வொண்ணுக்கும் கணக்கு பார்த்துதான் பதில் எழுத முடியும், அதனால ரெண்டு மூணு நாள் டைம் குடுப்பேன்.

கே: நான் கிளையன்ட் பக்கம் இருக்கேன் மேடம். ஏஜென்சி என் லாபம் எவ்வளவுன்னு கேக்கறாங்க. இதெல்லாம் அவங்களுக்கு எதுக்கு? ஃபீஸை ஏத்தறதுக்கா?

உங்க சந்தேகம் நியாயமானது, கடையோட மொத்த லாபத்தை நீங்க சொல்ல வேண்டியதில்ல. ஒரே ஒரு பொருளுக்கு, வித்த விலையில அடக்கம், டெலிவரி, பேமென்ட் கட்டணம் எல்லாம் போக கையில எவ்வளவு நிக்குதுன்னு மட்டும் சொன்னா போதும். அதையும் சொல்ல மனசில்லன்னா நீங்களே கணக்கு போட்டு "ஒரு ஆர்டருக்கு இதுக்கு மேல செலவு பண்ணாதீங்க"ன்னு ஒரு நம்பர் குடுத்துடுங்க. அது கூட இல்லாம ஆரம்பிச்சா ஏஜென்சி கண்ணைக் கட்டிக்கிட்டுத்தான் செலவு பண்ணும், போறது உங்க காசு.

கே: மார்ஜின்லாம் ஓவர்ங்க. கிளையன்ட்கிட்ட டார்கெட் ரோஆஸ் எவ்வளவு, அதாவது விளம்பரத்துக்குப் போடற ஒரு ரூபாய்க்கு எத்தனை ரூபாய் விற்பனை வரணும்னு ஒரே கேள்வி கேட்டா முடிஞ்சது. பொதுவா 2 இருந்தாலே டபுள், லாபம்தானே?

ரோஆஸ் கேக்கறது சரிதான், ஆனா கிளையன்ட் சொல்ற அந்த நம்பர் எங்கேருந்து வந்துச்சுன்னு பார்க்கணும், முக்காவாசி நேரம் யாரோ சொன்னதை அப்படியே சொல்லிடறாங்க. ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். பொருள் விலை 2000. அடக்கம் 900, பேக்கிங் டெலிவரி 150, பேமென்ட் கட்டணம் 50, மிச்சம் 900. இதோட நிறுத்திட்டா தப்பாயிடும், ஏன்னா ரிட்டர்ன் இருக்கு. 100 ஆர்டர்ல 10 திரும்பி வருதுன்னு வைங்க. நின்ன 90 ஆர்டர்ல 81,000 வரும். திரும்பின 10ல போன டெலிவரி 150, திரும்பி வர்ற டெலிவரி 150, பேமென்ட் கட்டணம் 50, ஆக ஒவ்வொண்ணுலயும் 350 கைய விட்டுப் போகும், மொத்தம் 3,500 (பொருள் சேதமில்லாம வந்து மறுபடி வித்துடலாம்னு வச்சுக்கிட்டா). நிக்கறது 77,500, அதாவது ஒரு ஆர்டருக்கு 775. இதுதான் லாபமும் இல்லாம நஷ்டமும் இல்லாம நிக்கற இடம், ரோஆஸா பார்த்தா கிட்டத்தட்ட 2.6. நீங்க சொன்ன 2ல ஓட்டினா ஒரு ஆர்டருக்கு 1000 செலவாகும், ஒவ்வொரு ஆர்டருக்கும் 225 நஷ்டம், ஆனா டாஷ்போர்டு பச்சையாதான் தெரியும்! கிளையன்ட்டுக்கு ஆர்டருக்கு 275 மிஞ்சணும்னா செலவு 500 தாண்டக் கூடாது, அப்போ டார்கெட் 4.

அதனால ஃபார்ம்ல "டார்கெட் ரோஆஸ்?"னு கேக்காம விலை, அடக்கம், டெலிவரி, 100 ஆர்டர்ல எத்தனை ரிட்டர்ன், இந்த நாலையும் தனித்தனியா கேளுங்க, கணக்கை நீங்க போடுங்க. ரிட்டர்ன் கட்டத்தை காலியா விட்டு வந்தா கண்டிப்பா திருப்பிக் கேளுங்க, அங்கதான் கணக்கு மாறும்.

கே: ஃபார்ம்ல ஃபோன் நம்பர், பட்ஜெட்னு கேள்வி கூடக் கூட லீடு குறையுது மேடம், என்ன பண்றது?

நீங்க கேக்கறது விளம்பரத்துல வர்ற லீடு ஃபார்ம், இங்க பேசறது ஏஜென்சி கிளையன்ட்டுக்கு அனுப்புற ஃபார்ம். ஆனா லீடு பிசினஸ்னு சொன்னதால ஒண்ணு சொல்றேன், அந்த மாதிரி கிளையன்ட்கிட்ட போன மாசம் எத்தனை என்கொயரி வந்துச்சு, அதுல எத்தனை பேர் காசு கட்டினாங்கன்னு கேக்கணும். "நிறைய பேர் வாங்குவாங்க"ன்னு பதில் வந்தா கால் ரிஜிஸ்டரையோ ஷீட்டையோ கேட்டு வாங்கி எண்ணுங்க. 100க்கு 8 பேர் சேர்றாங்க, ஒருத்தர்கிட்ட 5000 நிக்குதுன்னா ஒரு லீடுக்கு 400தான் உச்சம். கூடவே, லீடு வந்தா யார் கூப்பிடுவாங்க, எவ்வளவு நேரத்துல, லீவு நாள்ல யார்னு கேளுங்க. அடுத்த நாள்தான் கூப்பிடறாங்கன்னா அந்த 8 குறையும், கடைசியில பழி விளம்பரத்து மேல விழும்.

கே: பட்ஜெட் கேட்டா "நீங்களே சொல்லுங்க"ன்னு திருப்பி விடறாங்க ப்ரோ... சாரி, அக்கா.

பரவால்ல. மேல போட்ட கணக்கையே எடுத்துக்குங்க. மெட்டாவுல ஒரு ஆட் செட், யாருக்குக் காட்டினா வாங்குவாங்கன்னு கத்துக்கற லேர்னிங் கட்டத்துல இருந்து வெளிய வர ஒரு வாரத்துல சுமார் 50 கன்வெர்ஷன் வேணும். ஆர்டருக்கு 500னா வாரத்துக்கு 25,000. கிளையன்ட்டால 5,000தான் முடியும்னா வாரத்துக்கு 10 ஆர்டர்தான் வரும், நாலு ஆட் செட்டா பிரிச்சா ஒவ்வொண்ணுக்கும் ரெண்டு மூணுதான். அப்போ ஒரே ஆட் செட்டா வச்சு, முதல் மாசம் ரிசல்ட் ஏறி இறங்கும்னு எழுத்துல சொல்லிடுங்க. ஆட் டு கார்ட்டுக்கு ஆப்டிமைஸ் பண்ணலாமான்னு கேப்பாங்க, நான் அதை ரெண்டாவது வழியாதான் வச்சிருக்கேன், கார்ட்ல போட்டுட்டு வாங்காமப் போறவங்களா வந்து சேர்ற ஆபத்து இருக்கு. இதுல என்னோட ஒத்துப் போகாத நல்ல ஆளுங்களும் இருக்காங்க.

கே: கிளையன்ட் லாகின் பாஸ்வேர்டை வாட்ஸப்ல அனுப்பிட்டார். அதையே யூஸ் பண்ணலாமா?

வேண்டாம், மாத்தச் சொல்லிடுங்க. கூகுள் ஆட்ஸ்ல அவரோட 10 இலக்க கஸ்டமர் ஐடி வாங்கி உங்க மேனேஜர் அக்கவுன்ட்ல இருந்து ரிக்வெஸ்ட் அனுப்புங்க, மெட்டாவுல பார்ட்னர் ஆக்சஸ். ஃபார்ம்ல "ஆட் அக்கவுன்ட்டும் பிக்சலும் யார் பேர்ல இருக்கு"ன்னு ஒரு கேள்வி இருக்கட்டும். பழைய ஏஜென்சி பேர்ல இருந்துட்டா உறவு முறிஞ்ச அன்னிக்கு பழைய டேட்டா மொத்தமும் அங்கேயே நின்னுடும். அக்கவுன்ட் எப்பவாவது சஸ்பெண்ட் ஆச்சான்னும் கேளுங்க, தெரியாம புது அக்கவுன்ட் தொறந்தா அதுவும் சஸ்பெண்ட் ஆகலாம்.

கே: ட்ராக்கிங் இருக்குன்னு டிக் பண்ணியிருந்தார், ஆனா ஆட்ஸ்ல 70 ஆர்டர் காட்டுது, கடையில 41தான். ஃபார்ம்ல இதை எப்படிப் பிடிக்கறது?

டிக் பண்ற கேள்வியா வச்சா பிடிக்க முடியாது. "போன மாசம் கடையில மொத்தம் எத்தனை ஆர்டர், கூகுள்ல எத்தனை காட்டுச்சு, மெட்டாவுல எத்தனை"ன்னு மூணு நம்பரா கேளுங்க. ரெண்டு பக்கமும் ஒரே ஆர்டரை தன்னோடதுன்னு சொல்லிக்கும், கூகுள்ல கிளிக்குக்கு அப்புறம் 30 நாள் வரைக்கும், மெட்டாவுல கிளிக்குக்கு 7 நாள், பார்த்ததுக்கு 1 நாள், இது டிஃபால்ட். அதனால ரெண்டையும் கூட்டினா கடை எண்ணிக்கையைத் தாண்டறது சகஜம். ஆனா உங்க 70ம் ஒரே பிளாட்ஃபார்ம்ல வந்திருந்தா, தேங்க் யூ பேஜை ரீலோட் பண்ணும்போது மறுபடி எண்ணுதான்னு பாருங்க. டெஸ்ட் ஆர்டர் ஒண்ணு போட்டு பேஜை ரெண்டு தடவை ரிஃப்ரெஷ் பண்ணாலே தெரிஞ்சிடும், கூகுள்ல டிரான்சாக்‌ஷன் ஐடி அனுப்பினா இந்த இரட்டை எண்ணிக்கை நின்னுடும்.

கே: அக்கா, காசு வாங்கறதுக்கு முன்னாடி இந்த ஃபார்ம் அனுப்பலாமா, வாங்கின அப்புறமா?

இதுல எனக்கே ஒரே பதில் கிடையாது. மார்ஜின் நம்பரை ஒப்பந்தம் இல்லாம யாரும் தர மாட்டாங்க, அதே நேரம் அந்த நம்பர் வராம இந்த வேலை தேறுமான்னு உங்களுக்கும் தெரியாது. நான் இப்போ விலை, ரிட்டர்ன், போன மாச ஆர்டர், இந்த மூணை மட்டும் முதல்ல கேக்கறேன், மிச்சத்தை அட்வான்ஸ் வந்ததும் அனுப்பறேன். உங்க கிளையன்ட்டுங்க எப்படின்னு சொல்லுங்க.