விழுமியப் பட்டியல் எழுதியும் முடிவெடுக்க முடியவில்லையா?

கேள்வி: எனக்கு வயது 36. திருப்பூரில் ஓர் ஏற்றுமதி நிறுவனத்தில் மெர்ச்சண்டைசராக இருக்கிறேன். பெங்களூரில் ஒன்றரை மடங்குச் சம்பளத்தில் வேலை வந்திருக்கிறது. போன வருடம் ஒரு பயிற்சி வகுப்பில் நேர்மை, குடும்பம், வளர்ச்சி, மரியாதை, மகிழ்ச்சி என்று என் ஐந்து விழுமியங்களை எழுதினேன். அந்தத் தாளை எடுத்துப் பார்த்தால் குடும்பத்துக்காகப் போ என்றும் சொல்கிறது, குடும்பத்துக்காக இரு என்றும் சொல்கிறது. எப்படி எழுதினால் இது பயன்படும்?

பதில்: அந்த ஐந்து சொற்களில் யாரும் மறுக்கக்கூடிய சொல் ஒன்றுகூட இல்லை என்பதுதான் சிக்கல். நேர்மை வேண்டாம், மரியாதை வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர் எந்தப் பயிற்சி வகுப்பிலும் இருக்கமாட்டார். உங்களைப் போலவே நல்ல மனிதர் ஒருவர் இதே இடத்தில் வேறு முடிவை எடுக்கக்கூடும் என்றால்தான், உங்களை அவரிடமிருந்து பிரித்துக் காட்டும் விழுமியம் ஒன்று அங்கே இருக்கிறது என்று பொருள்.

விழுமிய ஆய்வின் முன்னோடிகளில் ஒருவரான அமெரிக்க உளவியலாளர் மில்ட்டன் ரோக்கீச், 18 வாழ்க்கை இலக்குகளையும் 18 நடத்தைப் பண்புகளையும் தந்து, ஒவ்வொரு பட்டியலையும் முதலிலிருந்து கடைசி வரை வரிசைப்படுத்தச் சொன்னார். தனித்தனியே மதிப்பெண் போடச் சொன்னால் எல்லாவற்றுக்கும் பத்துக்கு ஒன்பது போட்டுவிடுவோம். வரிசைப்படுத்தச் சொன்னால் எதையாவது கீழே தள்ளித்தான் ஆகவேண்டும். பின்னர் 1992-இல் உளவியலாளர் ஷாலோம் ஷ்வார்ட்ஸ் பத்து வகை விழுமியங்களை ஒரு வட்டமாக அடுக்கிக் காட்டினார். அடுத்தடுத்து இருப்பவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும், எதிரெதிரே இருப்பவை ஒன்றையொன்று இழுக்கும். அந்த வட்டத்தில் சாதனைக்கு எதிர்ப்புறத்தில் இருப்பது நெருங்கியவர்களின் நலம் பேணுதல். ஆகவே ‘வளர்ச்சி’, ‘குடும்பம்’ என்ற இரண்டையும் அருகருகே எழுதிவிட்டு, இரண்டும் ஒரே திசையில் வழிகாட்டும் என்று எதிர்பார்ப்பது கடினம்.

உங்கள் கேள்வியில் ‘குடும்பம்’ என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே குறைந்தது மூன்று விஷயங்கள் அடைந்து கிடக்கின்றன. வீட்டுக்குப் பணத் தட்டுப்பாடு வராமல் பார்த்துக்கொள்வது ஒன்று. பிள்ளை தூங்குவதற்குள் வீடு திரும்பி, பெற்றோருக்குக் காய்ச்சல் என்றால் கூடவே இருப்பது இன்னொன்று. உறவினர் கூடும் இடத்தில் தலைநிமிர்ந்து நிற்பது மூன்றாவது. இதை யாரும் தாளில் எழுதுவதில்லை, ஆனால் என்னிடம் ஆலோசனைக்கு வந்தவர்கள் பலரின் முடிவுகளை இதுவே எடுத்திருக்கிறது. பெங்களூர் வேலை முதலாவதுக்கும் மூன்றாவதுக்கும் சாதகம், இரண்டாவதுக்குப் பாதகம். சொல்லை உடைத்தால்தான் சண்டை எங்கே நடக்கிறது என்று தெரியும். ஒவ்வொரு விழுமியத்தையும் வினைச்சொல்லில் முடியும் ஒரு வாக்கியமாக எழுதுங்கள். ‘இருப்பேன்’, ‘செய்வேன்’, ‘வாங்கமாட்டேன்’ என்று முடிந்தால் மழுப்பல் தானாகக் குறையும்.

அந்த வாக்கியங்களை யோசித்து எழுதுவதைவிடத் தோண்டி எடுப்பது நல்லது. யோசித்து எழுதினால் நாம் எப்படி இருக்க ஆசைப்படுகிறோமோ அதுதான் தாளில் இறங்கும். கடந்த பத்து ஆண்டுகளில் ஏதாவது ஒன்றை விட்டுக்கொடுத்து எடுத்த ஏழெட்டு முடிவுகளை ஒரு நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் மூன்று பத்திகள் போடுங்கள்: எதை எடுத்தேன், அதற்காக எதை விட்டேன், இன்று அதே நிலை வந்தால் அதையே செய்வேனா. மூன்றாவது பத்திதான் முக்கியமானது, ஏனெனில் விழுமியத்தால் எடுத்த முடிவையும் பயத்தால் எடுத்த முடிவையும் பிரித்துக் காட்டுவது அதுவே. கூடவே வருகைப் பதிவில் கடந்த ஓராண்டின் விடுப்புகளையும், வங்கிக் கணக்கில் மூன்று மாதச் செலவையும் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். எதற்காக லீவு போட்டோம் என்ற விவரம், எதை மதிக்கிறோம் என்று நாமே சொல்வதைவிட நம்பகமான சாட்சி.

ஒருவருடைய நோட்டை, அடையாளங்களை மாற்றிச் சொல்கிறேன். அவர் ஒரு பொதுத்துறை வங்கி அலுவலர், வயது 42. ஸ்கேல் மூன்று பதவி உயர்வுக்கு விண்ணப்பிப்பதா என்ற கேள்வியோடு வந்தார். பதவி உயர்வோடு இடமாற்றமும் வரும் என்பது வங்கிக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். அவர் முதலில் எழுதியிருந்தவை குடும்பம், முன்னேற்றம், சேவை. முடிவுகளின் பட்டியலில் 2014-இல் ஒரு பதவி உயர்வை மறுத்தது, 2018-இல் நகரக் கிளையை விட்டுக் கிராமக் கிளைக்குக் கேட்டுப் போனது, 2020-இல் மண்டல அலுவலக வேலையை வேண்டாம் என்றது, 2021-இல் அம்மாவைத் தன்னோடு அழைத்துக்கொண்டது ஆகியவை இருந்தன.

2014-ஆம் ஆண்டு மறுப்புக்குக் காரணம் குடும்பம் என்றே பல வருடங்களாகச் சொல்லி வந்திருக்கிறார். மூன்றாவது பத்தியில் மட்டும் ‘செய்யமாட்டேன்’ என்று எழுதியிருந்தார். ஏன் என்று கேட்டபோது, அப்போது பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வீட்டில் ஆள் இருந்தது, ‘பிள்ளையை விட்டுவிட்டுப் போய்விட்டாள்’ என்று புகுந்த வீட்டில் பேசுவார்களோ என்று பயந்தேன் என்றார். கிராமக் கிளைக்கு எதிரே ‘நூறு தடவை செய்வேன்’ என்று இருந்தது. முதன்முறையாக வங்கிப் படியேறிய ஒரு கறவை மாட்டுக்காரருக்குத் தானே படிவம் நிரப்பிக் கடன் வாங்கிக் கொடுத்த நாளைப் பற்றி அரைப் பக்கம் எழுதியிருந்தார். விடுப்புக் கணக்கில் 19 நாளில் 13 நாள் அம்மாவின் மருத்துவமனைக்குப் போயிருந்தது.

இவற்றிலிருந்து ஐந்து வாக்கியங்கள் தேறின. ஐந்தை இரண்டிரண்டாக மோதவிட்டால் பத்து ஜோடிகள் வரும், ஒரு மாலைப்பொழுது போதும். ‘சேவையா, பதவியா’ என்று பொதுவாகக் கேட்டால் எல்லோரும் சேவை என்றுதான் சொல்வார்கள். அதனால், வாடிக்கையாளரையே பார்க்காத அலுவலக அறை, மாதம் பன்னிரண்டாயிரம் அதிகம், வீட்டுக்கு நடந்து போகும் தூரம், எடுப்பீர்களா என்று நடப்பில் வரக்கூடிய ஒரு நிலையை வைத்துக் கேட்டேன். அவர் வெகுநேரம் யோசித்துவிட்டு மாட்டேன் என்றார். கடைசியில் அந்த வாக்கியங்களை வைத்து அவர் எழுதிய நோக்க வாசகம் இது:

‘வங்கிக்கு வரத் தயங்குகிறவர்களுக்குக் கடன் கிடைக்கச் செய்யும் வேலையை நேரில் செய்வேன். அம்மா இருக்கும்வரை இரண்டு மணி நேரத்தில் வீட்டை எட்டும் தொலைவில் இருப்பேன். இந்த இரண்டும் கெடாதவரை பதவி உயர்வை ஏற்பேன், கெட்டால் தள்ளிப்போடுவேன். பிறர் பேச்சுக்குப் பயந்து எதையும் மறுக்கமாட்டேன்.’

மூன்றாவது வாக்கியத்தைக் கவனியுங்கள். எது எதற்கு முன்னால் என்ற வரிசையும், எந்த விலை வரை என்ற எல்லையும் அதில் இருக்கின்றன. நிறுவனங்கள் சுவரில் மாட்டி வைக்கும் மிஷன் ஸ்டேட்மென்டுகளில் பெரும்பாலும் இந்த ஒரு வாக்கியம்தான் இருக்காது. ‘அம்மா இருக்கும்வரை’ என்று காலத்தையும் அவரே குறித்துவிட்டதால், எப்போது திருத்தி எழுதவேண்டும் என்பதும் வாசகத்துக்குள்ளேயே இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு முடிவை வேண்டுமென்றே கணக்கில் சேர்க்காமல் ஒதுக்கி வைத்திருந்தோம். எழுதி முடித்த வாசகத்தை அதன்மேல் வைத்துப் பார்த்தபோது, மண்டல அலுவலக வேலையை அவர் மறுத்தது சரியாகப் பொருந்தியது. இப்படி ஒதுக்கி வைத்த பழைய முடிவோடு வாசகம் முரண்பட்டு, அந்த முடிவில் உங்களுக்கு வருத்தமும் இல்லை என்றால், தவறு வாசகத்தில்தான் இருக்கிறது. அவர் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தார். அறுபது கிலோமீட்டரில் உள்ள கிளைகளைக் குறிப்பிட்டுக் கேட்டார்.

இது கெட்டுப்போகும் வழிகளில் நான் அதிகம் பார்ப்பது இரண்டு. மேலாளரோடு சண்டை போட்ட வாரத்தில் எழுதினால் வாசகம் முழுவதும் புகாராகிவிடும். ‘சுதந்திரம்’ என்ற சொல் இரண்டு முறை வந்தால் தாளை மூடி வைத்துவிட்டு மூன்று வாரம் கழித்து எடுங்கள். மற்றொன்று இரவல் விழுமியம். அப்பா கடனே வாங்காமல் வாழ்ந்தார் என்பதற்காக அதை நாமும் எழுதிவைத்திருப்போம், வங்கிக் கணக்கில் மாதம் மூன்று தவணை போய்க்கொண்டிருக்கும். கடனுக்கு வருமானத்தில் பாதி போகிறவருக்கு முதல் வேலை கணக்குப் போடுவது. விழுமியம் பற்றிய கேள்வி அதற்குப் பிறகுதான். உங்களுக்கும் ஒன்றரை மடங்கு என்பது பெங்களூர் வாடகையும் பள்ளிக் கட்டணமும் போக எவ்வளவு மிஞ்சும் என்பதை முதலில் எழுதிப் பாருங்கள். இன்றைய சேமிப்பைவிட இரண்டாயிரம்தான் அதிகம் என்று வந்தால், ‘குடும்பத்துக்காகப் போ’ என்ற பாதி அங்கேயே விழுந்துவிடும்.

மிச்சம் கணிசமாக வந்தால் நோட்டுக்குப் போங்கள். உங்கள் துறையில் ஷிப்மென்ட் வாரத்தில் இரவு பத்து மணிக்கு வீட்டுக்கு வருவது திருப்பூரிலும் உண்டு; ஆகவே ‘இங்கே இருந்தால் குடும்பத்தோடு இருப்பேன்’ என்பது உண்மையா என்று, கடந்த மூன்று மாதத்தில் எத்தனை நாள் பிள்ளை தூங்கும் முன் வீட்டில் இருந்தீர்கள் என எண்ணிப் பாருங்கள். எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால், ஊர் மாறுவதைவிட வேலையின் நேரம்தான் உங்கள் கேள்வி என்று ஆகும். உங்கள் மனைவியும் தனியாக, உங்கள் தாளைப் பார்க்காமல், தன் வாசகத்தை எழுதட்டும். இரண்டையும் பிறகு சேர்த்துப் படிக்கும்போது, ‘உடனிருப்பது’ என்று நீங்கள் எழுதிய இடத்தில் அவர் ‘சொந்தமாக ஒரு வேலை’ என்று எழுதியிருக்கலாம், அதற்குப் பெங்களூரே வசதியாகவும் இருக்கலாம்.

வாசகத்தின் முதல் வரைவு கைக்கு வந்ததும், பதில் சொல்வதற்கு முன் அந்த நிறுவனத்திடம் இரண்டு விஷயங்களைக் கேளுங்கள்: பையர் அழைப்புகள் இரவு எத்தனை மணி வரை நீளும், மாதத்தில் எத்தனை நாள் திருப்பூரில் இருந்தபடியே வேலை பார்க்கலாம். மாதம் எட்டு நாள் என்று அவர்கள் எழுத்தில் தந்தால், நீங்கள் தயங்கும் முடிவின் உருவமே மாறிவிடும்.