வெறும் வட்டம் என்றால் ஒன்றுமில்லை என்று அர்த்தமா?

கேள்வி: தம்பிக்குத் தலசீமியா, மாதாமாதம் ரத்தம் ஏற்றுகிறோம். மருத்துவமனையில் எங்கள் குடும்பத்தைக் கட்டமும் வட்டமுமாக வரைந்து கொடுத்தார்கள். என் வட்டத்தில் கறுப்பே இல்லை. எனக்கு மாமன் மகனைப் பேசுகிறார்கள். ‘அவங்க வேற கூட்டம்தானே, பயமில்லை’ என்கிறார் அப்பா. சரிதானா? – வாசகி, காங்கேயம்

பதில்: அவசரப்படாதீங்க அம்மணி, அந்தத் தாளை எடுத்து முன்னால் வைத்துக்கொள்ளுங்கள். சதுரம் ஆண், வட்டம் பெண். முழுக் கறுப்பு நோய் உள்ளவர், அது உங்கள் தம்பி. பாதி கறுப்பு என்றால் நோய் இல்லாமல் அந்த மரபணுவை மட்டும் சுமப்பவர், அதாவது உங்கள் அப்பாவும் அம்மாவும். உங்கள் வட்டம் வெறுமையாக இருப்பது நோய் இல்லை என்பதை மட்டும்தான் சொல்கிறது. நீங்கள் சுமக்கிறீர்களா என்று இன்னும் யாரும் பார்க்கவில்லை. இரண்டு பேரும் சுமப்பவர்களாக இருந்தால் பிள்ளைக்கு நான்கு வாய்ப்பு: ஒன்று நோய், இரண்டு சுமப்பது, ஒன்று எதுவுமில்லை. உங்களுக்கு நோய் இல்லை என்று தெரிந்துவிட்டதால் அந்த ஒன்றை அடித்துவிடுங்கள், மீதி மூன்றில் இரண்டு சுமக்கும் பக்கம். ஆக, மூன்றில் இரண்டு பங்கு வாய்ப்பு உங்களிடம் இருக்கிறது.

இப்போது அப்பா அம்மாவை இணைக்கும் கோட்டைப் பாருங்கள். அது இரட்டைக் கோடாக இருந்தால் சொந்தத்தில் கல்யாணம் என்று பொருள். அப்பத்தாவும் அப்பிச்சியும் கூடப் பிறந்தவர்களாக இருந்து, உங்கள் அப்பா தன் மாமன் மகளைக் கட்டியிருந்தால் அப்படித்தான் வரைவார்கள். அந்த மரபணு அவர்களைப் பெற்றவர்களில் ஒருவரிடமிருந்து அப்பத்தா வழியாக அப்பாவுக்கும், அப்பிச்சி வழியாக அம்மாவுக்கும் இறங்கியிருக்கத்தான் அதிக வாய்ப்பு. கூட்டம் என்பது அப்பன் வழியில் மட்டும் வருவது, மரபணு இரண்டு வழியிலும் வரும். அதனால் வேறு கூட்டம் என்பது இங்கே எந்தப் பாதுகாப்பும் தராது.

அம்மாவுக்குப் பக்கத்தில் மாமனுக்கு ஒரு சதுரம், அதன் கீழே மாப்பிள்ளைக்கு ஒரு சதுரம் போடுங்கள். அம்மா சுமப்பதால் மாமன் சுமக்க இரண்டில் ஒன்று, மாப்பிள்ளைக்கு நான்கில் ஒன்று. மூன்றில் இரண்டையும் நான்கில் ஒன்றையும் பெருக்கினால் நீங்கள் இருவருமே சுமக்கும் வாய்ப்பு ஆறில் ஒன்று. இது சின்ன எண் இல்லை.

ஆனால் இந்தக் கணக்கோடு நிற்க வேண்டிய அவசியமே இல்லை, ரத்தப் பரிசோதனை நேராகச் சொல்லிவிடும். ஹீமோகுளோபின் ஏ2 அளவு 3.5 சதவீதத்தைத் தாண்டி, சிவப்பணுக்களும் சிறியதாக இருந்தால் பெரும்பாலும் சுமப்பவர்தான். ஒரு எச்சரிக்கை: இரும்புச்சத்து குறைந்திருந்தால் ஏ2 கொஞ்சம் இறங்கி நார்மல் போலக் காட்டலாம், நம் ஊர்ப் பெண்களிடம் அந்தக் குறை சாதாரணம். அதனால் உடலில் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டினும் சேர்த்துப் பாருங்கள், குறைந்திருந்தால் அதைச் சரிசெய்துவிட்டு மறுபடி எடுங்கள்.

நிச்சயத்துக்கு முன்னால் இருவரும் எடுத்துவிடுங்கள். ஒருவர் சுமக்கவில்லை என்று உறுதியானால் குழந்தைக்குத் தம்பியைப் போல் வராது. இருவருமே சுமந்தால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று வாய்ப்பு. அதைத் தெரிந்துகொண்டுதான் இரண்டு வீட்டாரும் உட்கார்ந்து பேச வேண்டும். அப்படியும் கட்டிக்கொள்ள முடிவு செய்தால், கர்ப்பத்தின் 11-ஆம் வாரம் வாக்கில் நஞ்சுக்கொடித் திசுவைச் சோதித்துப் பார்க்கும் வழி இருக்கிறது. ஆனால் உங்கள் வீட்டில் உள்ள மரபணு மாற்றம் எது என்று முன்கூட்டியே கண்டுபிடித்து வைத்திருக்க வேண்டும்.