கார்பன் வரியா, உமிழ்வு உரிமமா?

கேள்வி: வரி போட்டாலும், உரிமம் வாங்கச் சொன்னாலும் புகைவிடும் ஆலை பணம் கட்டத்தானே போகிறது? பிறகு எதற்கு இரண்டு முறை? எது நல்லது?

பதில்: எல்லாம் எதிர்பார்த்தபடி நடந்தால் இரண்டும் ஒரே இடத்தில்தான் போய் நிற்கும். ஆளுக்கு 1,000 டன் கார்பன் டை ஆக்சைடு வெளிவிடும் இரண்டு ஆலைகளை வைத்துக்கொள்வோம். முதல் ஆலையால் டன்னுக்கு 20 யூரோ செலவில் 400 டன் வரை குறைக்க முடியும். இரண்டாவதுக்கு அந்தச் செலவு 60 யூரோ. டன்னுக்கு 40 யூரோ வரி விதித்தால் முதல் ஆலை 400 டன்னைக் குறைத்துவிடும். இரண்டாவது வரி கட்டுவதே லாபம் என்று இருந்துவிடும். மொத்தம் 1,600 டன்.

வரிக்குப் பதில், ஒன்றுக்கு ஒரு டன் வெளிவிடலாம், மிஞ்சினால் விற்கலாம் என்ற கணக்கில் ஆளுக்கு 800 உரிமம் கொடுத்தால்? முதல் ஆலை 600 டன்னுக்கு இறங்கி, மிஞ்சிய 200 உரிமங்களை இரண்டாவதற்கு விற்கும். அப்போதும் 1,600 டன்தான்.

மந்தம் வந்தால்தான் வேறுபாடு தெரியும். உற்பத்தி சுருங்கி, இரண்டு ஆலைகளும் தாமாகவே 800 டன்னுக்கு வந்துவிட்டால் உரிமத்தை வாங்க ஆளிருக்காது. விலை பூஜ்யத்தை நோக்கிச் சரியும், முதல் ஆலையும் குறைப்பை நிறுத்திவிடும். வரி மட்டும் 40 யூரோவிலேயே நிற்கும். உற்பத்தி பெருகும்போது இது தலைகீழாகும்: வரி கட்டிவிட்டு எவ்வளவு வேண்டுமானாலும் புகைவிடலாம், ஆனால் உரிமத்தில் 1,600-ஐத் தாண்ட முடியாது.

ஐரோப்பிய ஒன்றியம் 2005-ல் உரிமச் சந்தையைத் தொடங்கியபோது தேவைக்கு மேல் உரிமங்களை, அதுவும் பெரும்பாலும் இலவசமாக, கொடுத்தது. அவற்றை அடுத்த கட்டத்துக்கு எடுத்துச் செல்லவும் முடியாது என்பதால் 2007-ல் விலை ஏறத்தாழ பூஜ்யமானது. அதற்கு முன், விலை இருந்த காலத்தில், மின் நிறுவனங்கள் இலவச உரிமத்தின் சந்தை விலையை மின்கட்டணத்தில் ஏற்றி லாபம் பார்த்தன. மாசுபடுத்தியவரே பணம் பெற்ற கதை இது. உரிமத்தை ஏலத்தில் விற்றால்தான் அந்தப் பணம் அரசுக்கு வரும்.

பிரிட்டன் 2013-ல் இரண்டையும் இணைத்தது. ஐரோப்பிய உரிம விலைக்கு மேல், மின் நிலையங்கள் எரிக்கும் எரிபொருளுக்குத் தனி வரி. 2015 முதல் அது டன்னுக்குச் சுமார் 18 பவுண்டு. 2012-ல் அந்நாட்டு மின்சாரத்தில் ஏறத்தாழ 40 சதவீதம் நிலக்கரியிலிருந்து வந்தது. 2020-ல் 2 சதவீதம் அளவுக்கு இறங்கியது. வேறு காரணங்களும் உண்டு, ஆனால் நிலக்கரியை விட எரிவாயுவை மலிவாக்கியதில் இந்த வரிக்குப் பெரிய பங்கு.

ஆகவே என் பரிந்துரை, ஏலத்தில் விற்கும் உரிமமும் அதற்கு ஒரு குறைந்தபட்ச விலையும். இந்தியா 2023-ல் அறிவித்த கார்பன் வணிகத் திட்டத்தில் மொத்த உச்சவரம்பு கிடையாது. ஒரு டன் சிமென்டுக்கு இவ்வளவு உமிழ்வு என்பதுபோலத்தான் இலக்கு. உற்பத்தி வேகமாக வளர்ந்தால், எல்லா ஆலையும் இலக்கை எட்டிய பிறகும் மொத்தப் புகை கூடலாம்.